ஒரே ‘இங்’, வேறு வேறு வேலை

‘மை பிரதர் இஸ் ரீடிங்.’ ‘மை ஹாபி இஸ் ரீடிங்.’ இரண்டு வாக்கியத்திலும் நான்கே சொற்கள். ஒரு சொல் மட்டும்தான் வேறு. ஆனாலும் கடைசியில் நிற்கும் ‘ரீடிங்’ இரண்டிலும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவதில் பொழுதுபோக்கு எதையும் படிக்கவில்லை. படிப்பதுதான் அந்தப் பொழுதுபோக்கு.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் வேறுபாடு உடனே தெரியும். ‘ரீடிங் இஸ் மை ஹாபி’ என்று தயங்காமல் சொல்லலாம். ‘ரீடிங் இஸ் மை பிரதர்’ என்றால் படித்தலே என் தம்பி என்று பொருளாகிவிடும். இடம் மாறியும் பெயர்ச்சொல்லாக நிற்க முடிகிற ‘இங்’ வடிவத்தை ஆங்கில இலக்கணம் ஜெரண்ட் என்கிறது. ‘இஸ்’ என்ற துணைவினையோடு சேர்ந்து நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டுவதும், ஒரு பெயரை விவரிப்பதும் பார்ட்டிசிப்பிள். உருவத்தைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதைக் கவனித்தால்தான் பிரிக்க முடியும்.

அந்த வேலையைப் பார்ப்பதற்கு முன்னால் வாக்கியத்தின் முற்றுவினை எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். தமிழில் இது எளிது. ‘வந்தான்’ என்ற ஒரே சொல்லில் காலம் இருக்கிறது, திணை பால் எண் இடமும் இருக்கின்றன. கேட்பவர் அதற்கு மேல் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ‘வந்து’ என்றால் ‘வந்து என்ன செய்தான்?’ என்று கேட்கத் தோன்றும். ‘வந்த’ என்றால் ‘வந்த யார்?’ என்ற கேள்வி எழும். அப்படி எஞ்சி நிற்பதால்தான் இவற்றுக்கு எச்சம் என்று பெயர். ஆங்கிலத்தின் முற்றுவினை இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. ‘ஐ வாக்’, ‘யூ வாக்’, ‘தே வாக்’ எல்லாவற்றிலும் வினை அப்படியே இருக்கிறது. ‘ஹி வாக்ஸ்’ என்னும்போதுதான் ஒரு ‘ஸ்’ எட்டிப் பார்க்கிறது.

அதனால் ஆங்கில வாக்கியத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘ஷி வான்ட்ஸ் டு சிங்’ என்பதை நேற்றைய செய்தியாக மாற்றினால் ‘ஷி வான்டட் டு சிங்’ ஆகிறது. எழுவாயைப் பன்மையாக்கினால் ‘தே வான்ட் டு சிங்’. இரண்டு முறையும் மாறியது ‘வான்ட்’ மட்டும்தான். ‘டு சிங்’ அசையவே இல்லை. காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப மாறுகிற சொல் முற்று. மாறாமல் நிற்பது முற்றல்லாத வினை. ‘இங்’ வடிவமும் ‘டு சிங்’ போல மாறாததுதான். ‘இஸ் ரீடிங்’ நேற்றைக்குப் போனால் ‘வாஸ் ரீடிங்’ ஆகும். ‘ரீடிங்’ நின்ற இடத்தில் நின்றபடி இருக்க, ‘இஸ்’தான் காலத்தைச் சுமக்கிறது.

ஒரே ‘இங்’ இரண்டு வேலையைச் சுமப்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவை தனித்தனி விகுதிகள். செயலைச் செய்துகொண்டிருப்பவரைக் குறிக்க ‘எண்டே’ என்ற விகுதி இருந்தது. செயலுக்குப் பெயராக ‘உங்’ அல்லது ‘இங்’ சேர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் படிப்படியாக ஒன்றில் போய்க் கலந்துவிட்டன. உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் ‘எண்ட்’ ஒரு பக்கம், ‘உங்’ ஒரு பக்கம் என்று பிரிந்தே இருக்கின்றன. தமிழிலும் அப்படித்தான்: ஓடுதல், ஓடுவது என்றால் செயலின் பெயர், ஓடுகிற, ஓடும் என்றால் பெயரெச்சம், ஓடி, ஓடிக்கொண்டு என்றால் வினையெச்சம். ஆகவே ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை. எழுத்தில் மறைந்திருந்த வேறுபாட்டைத் தமிழ் விகுதி வெளியே காட்டிவிடும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘ஹியரிங் தி பெல், தி பாய்ஸ் ப்ளேயிங் அவுட்சைட் ஸ்டாப்ட் ஷவுட்டிங் அண்ட் பிகேன் டு ரன்.’ தமிழில் இது, ‘மணியோசையைக் கேட்டு, வெளியே விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் கத்துவதை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கினார்கள்’ என்று வரும். ‘ஹியரிங்’ என்பதற்குக் ‘கேட்டு’ என்ற வினையெச்சம் கிடைக்கிறது. ‘ப்ளேயிங்’ பையன்களை விவரிப்பதால் ‘விளையாடிக்கொண்டிருந்த’ என்று பெயரெச்சமாகிறது. இரண்டும் பார்ட்டிசிப்பிள். ஆனால் ‘ஷவுட்டிங்’ வரும்போது தமிழ் ‘கத்துவதை’ என்கிறது. அதில் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ ஒட்டியிருக்கிறது. வேற்றுமை உருபை ஏற்பது பெயர்தான். எதை நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு விடையாக, செயப்படுபொருளின் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது ஜெரண்ட்.

இதே வாக்கியத்தில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்ட்’, ‘பிகேன்’ என இரண்டு முற்றுகள் ‘அண்ட்’ சேர்த்து வருகின்றன. தமிழில் ‘தொடங்கினார்கள்’ ஒன்றே முற்று, ‘நிறுத்திவிட்டு’ எச்சமாகிவிட்டது. தமிழ் செயல்களை எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்றில் முடிக்கும். ஆகவே தமிழில் எச்சமாக வருவதெல்லாம் ஆங்கிலத்திலும் முற்றல்லாத வினையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. முற்றைக் கண்டுபிடிக்கும் சோதனையை அந்தந்த மொழிக்குள்ளேயே செய்ய வேண்டும். தமிழ்ச் சோதனை ‘இங்’ வடிவத்துக்கு மட்டும்.

அந்த இடத்திலும் தமிழ் ஒரு வகையில் ஏமாற்றும். ‘ஸ்லீப்பிங் பேபி’ என்றால் தூங்கும் குழந்தை. ‘ட்ரிங்கிங் வாட்டர்’ என்றால் குடிக்கும் தண்ணீர். தமிழில் இரண்டுமே பெயரெச்சம். ஆனால் ஆங்கிலத்தில் முதலாவது பார்ட்டிசிப்பிள், இரண்டாவது ஜெரண்ட்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் தமிழ்ப் பெயரெச்சத்தின் தாராளம். எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று ஒரே ‘எழுதிய’ ஆறு விதமான பெயர்களோடு போகிறது. செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற இந்த ஆறையும் பவணந்தி முனிவரின் நன்னூல் முறையாக எடுத்துச் சொல்கிறது. எழுதியவர் மாணவி மட்டும்தான்; பேனாவும் அறையும் நாளும் எதையும் எழுதவில்லை. ஆனாலும் தமிழ் அத்தனைக்கும் ஒரே வடிவத்தைக் கொடுக்கிறது. பெயருக்கு முன்னால் நிற்கும் ஆங்கில ‘இங்’ பார்ட்டிசிப்பிளுக்கு அந்த வசதி இல்லை. அது பொதுவாக அந்தச் செயலைச் செய்பவரோடு, செய்வதோடு மட்டுமே சேரும்.

ஆகவே பெயருக்கு முன்னால் ‘இங்’ வந்தால் தமிழாக்கத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தச் செயலைச் செய்வது இந்தப் பெயர்தானா? குழந்தை தூங்குகிறதா? ஆம், பார்ட்டிசிப்பிள். தண்ணீர் குடிக்கிறதா? இல்லை, அது குடிப்பதற்கான தண்ணீர், எனவே ஜெரண்ட். தமிழர் வாயில் அன்றாடம் புழங்கும் ஸ்விம்மிங் பூல், டைனிங் டேபிள், வாக்கிங் ஸ்டிக், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். குளம் நீந்துவதில்லை, மேசை சாப்பிடுவதில்லை, கைத்தடி நடப்பதில்லை, உரிமம் வண்டி ஓட்டுவதில்லை. அத்தனையும் ‘அதற்கான’ என்ற பொருளில் வருகிற ஜெரண்ட்கள். ‘பாய்லிங் வாட்டர்’ என்றால் தண்ணீரே கொதிக்கிறது, அது பார்ட்டிசிப்பிள்.

காதும் இங்கே உதவும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ‘ஸ்விம்மிங் பூல்’ என்னும்போது அழுத்தம் ‘ஸ்விம்’மில் விழும். ‘ஸ்லீப்பிங் பேபி’ என்னும்போது ‘பேபி’யும் அழுத்தம் பெறும். ‘டான்ஸிங் டீச்சர்’ என்பதை எழுத்தில் மட்டும் பார்த்தால் நடனம் கற்பிப்பவரா, ஆடிக்கொண்டிருக்கும் ஆசிரியரா என்று தெரியாது. சொல்லிக் கேட்டால் அழுத்தம் விழும் இடம் காட்டிக்கொடுக்கும்.

எழுத்திலேயே முற்றுவினை வந்து தீர்ப்புச் சொல்கிற இடமும் உண்டு. மொழியியல் மாணவர்கள் பலரும் சந்தித்திருக்கும் வாக்கியம், ‘ஃப்ளையிங் ப்ளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்.’ விமானம் ஓட்டுவது ஆபத்தாகலாம் என்றும் கொள்ளலாம். பறக்கும் விமானங்கள் ஆபத்தாகலாம் என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் கொடுப்பது ‘கேன்’. எழுவாய் ஒருமையோ பன்மையோ, அந்தச் சொல் மாறாது. அதை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டால் எழுவாய் ஒருமை. அதாவது ஓட்டுதல் என்ற ஒரு செயல், ஜெரண்ட். ‘ஆர்’ போட்டால் எழுவாய் பன்மை. விமானங்கள்தான் ஆபத்தானவை, ‘ஃப்ளையிங்’ அவற்றை விவரிக்கும் பார்ட்டிசிப்பிள். முற்றை முதலில் தேட வேண்டும் என்று சொல்வதன் பயன் இந்த இடத்தில் முழுமையாகக் கிடைக்கிறது.

இந்தப் பகுப்பு தெரியாததால் நடைமுறையில் இரண்டு இடங்களில் அடிக்கடி தவறு நேர்கிறது. ஒன்று, கடிதத்தை முடிக்கும்போது ‘ஐ அம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதுவது. ‘டு’ வந்தாலே அடுத்து வெறும் வினை வரும் என்ற பழக்கத்தால் வருவது இது. ஆனால் இந்த ‘டு’ முன்னிடைச்சொல். அதற்குப் பின்னால் பெயர் வர வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு தி ஹாலிடேஸ்’ என்று விடுமுறையை அங்கே வைக்க முடிகிறதே, அதே இடம்தான் இது. வினையை அங்கே வைக்க வேண்டுமென்றால் ஜெரண்ட் ஆக்கி ‘டு மீட்டிங் யூ’ என்றுதான் எழுத வேண்டும்.

இரண்டாவது, வாக்கியத் தொடக்கத்தில் வரும் பார்ட்டிசிப்பிளை ஆள் இல்லாமல் விட்டுவிடுவது. ‘வாக்கிங் டு ஸ்கூல், தி ரெய்ன் சோக்ட் மி’ என்றால், இலக்கணப்படி பள்ளிக்கு நடந்து போனது மழை. தொடக்கத்துப் பார்ட்டிசிப்பிள் முற்றுவினையின் எழுவாயைத் தனக்கும் எழுவாயாக எடுத்துக்கொள்ளும். ‘பள்ளிக்கு நடந்து மழை என்னை நனைத்தது’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே காதில் இடறும். ‘வாக்கிங் டு ஸ்கூல், ஐ காட் சோக்ட் இன் தி ரெய்ன்’ என்று எழுவாயை மாற்றினால் நடந்தவரும் நனைந்தவரும் ஒருவராகி வாக்கியம் நேராகிவிடும். அதே சொற்றொடரை ‘வாக்கிங் டு ஸ்கூல் இஸ் குட் ஃபார் யூ’ என்று எழுதினால் சிக்கலே இல்லை. அங்கே நடப்பதுதான் எழுவாய். ஆளைத் தேட வேண்டிய தேவை ஜெரண்டுக்கு இல்லை.

எல்லா இலக்கண அறிஞர்களும் இந்த எல்லைக்கோட்டை ஏற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ராட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-இல் வெளியிட்ட விரிவான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், இரண்டையும் ‘ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்’ என்ற ஒரே வடிவமாகக் கொள்கிறது. எந்த ஆங்கில வினையிலும் இவ்விரண்டுக்கும் உருவத்தில் வேறுபாடு கிடையாது என்பது அவர்கள் வாதம். அது வடிவத்தைப் பற்றிய வாதம். வேலை பற்றிய கேள்வி அவர்களிடமும் அப்படியேதான் இருக்கிறது: அந்தச் சொற்றொடர் எழுவாயாக நிற்கிறதா, செயப்படுபொருளாக நிற்கிறதா, ஒரு பெயரை விவரிக்கிறதா என்று அவர்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.