'ரான்ட்ரே' என்றால் என்ன? பிரான்சுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் பள்ளி அனுபவம்

செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா உலக நகரிலே, பிரெஞ்சு மோட்டார் நிறுவனமாகிய ரெனோவும் ஜப்பானிய நிசானும் சேர்ந்து நடத்தும் பொறியியல் நிலையம் ஒன்று உண்டு. அங்கே பணிபுரியும் நம்மவருள் சிலர், பாரிசுக்கு அருகே கியான்கூர் என்னும் ஊரிலுள்ள ரெனோவின் பெரிய தொழில்நுட்ப மையத்திற்கு ஓரிரு ஆண்டுகள் அனுப்பப்படுவதுண்டு. நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று அவ்வாறு சென்றது. தாயார் கோவளத்துக் கடற்கரையில் பிறந்தவர். மாமல்லபுரத்திற்கு வரும் பிரெஞ்சு யாத்திரிகர்களிடம் கேட்டறிந்த 'போன்ழூர்' என்ற ஒரு சொல்லே அவரிடம் கைமுதலாக இருந்தது. ஏழு வயது மகளையும் பதினொரு வயது மகனையும் அங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு அவர் நமக்கு எழுதிய கடிதங்களே இக்கட்டுரைக்குக் காரணம். அவர் அனுப்பிய தாள்களைப் புதுச்சேரியில், 1826 முதல் நடந்துவரும் பிரெஞ்சு லிசேயில் பயின்ற நண்பர் ஒருவரிடம் காட்டியே நாம் பொருள் தெரிந்துகொண்டோம்.

முதற்சொல் 'ரான்ட்ரே'. மீண்டும் உள்ளே நுழைதல் என்பது அதன் நேர்ப்பொருள். நம் நாட்டில் ஜூன் மாதம் பள்ளி திறப்பது போல, அங்கே செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கிறது. அந்த நாளுக்கே ரான்ட்ரே என்று பெயர். நம் குடும்பம் ஆகஸ்டு தொடக்கத்திலேயே போய் இறங்கிப் பள்ளிக் கதவைத் தட்டிற்று. திறப்பார் ஒருவருமில்லை, கோடை விடுமுறையில் அலுவலகமும் பூட்டிக் கிடந்தது. தொடக்கப்பள்ளிக்கு முதலில் பெயர் பதிய வேண்டிய இடம் பள்ளியன்று, நகராட்சி மன்றம் என்பது பிறகே தெரிந்தது.

விடுமுறைகளின் பெயர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அக்டோபர் இறுதியில் வரும் இரண்டு வார விடுமுறைக்கு, அனைத்துப் புனிதர் பெருவிழாவின் பெயரால் 'தூசேன்' என்றே சமயச் சார்பற்ற அரசுப் பள்ளியிலும் வழங்குகிறார்கள். புதன்கிழமையன்று பிள்ளைகள் முழுநாளோ அரைநாளோ வீட்டில் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து சமய போதனையை நீக்கியது. அதற்கு ஈடாக, பெற்றோர் விரும்பினால் வெளியே ஞானோபதேசம் கற்பிக்க ஞாயிறன்றி வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கு விடுமுறை தந்தது. அந்நாள் நெடுங்காலம் வியாழனாயிருந்து, 1972-இல் புதனுக்கு மாற்றப்பட்டது.

மகள் சேர்ந்த இரண்டாம் நாளே, நெகிழி உறை போட்ட சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று பையில் வந்தது. மேலே 'கயே த லியேசோன்' என்று எழுதியிருந்தது. கயே என்பது நோட்டுப் புத்தகம்; லியேசோன் என்பது தொடர்பு. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் ஏடு அது. உள்ளே ஆசிரியை ஒரு துண்டுத்தாளை ஒட்டி, 'அ சின்யே' என்று சிவப்பு மையால் குறித்திருந்தார். தாயார் நடுங்கிவிட்டார். நம் ஊர்ப் பள்ளிகளில் டைரியில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதினால், பிள்ளை ஏதோ குற்றம் செய்தது என்பதல்லவா பொருள்? கணவர் இரவு வரும்வரை ஏட்டை ஒளித்து வைத்தார். இருவரும் அகராதியின் துணையோடு மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி மறுநாள் அனுப்பினார்கள். ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் துண்டுத்தாள், பெற்றோர் கூட்டம் நடைபெறும் நாளை அறிவித்ததேயன்றி வேறில்லை. 'அ சின்யே' என்றால் 'கையொப்பமிடுக' என்பது மட்டுமே. கையொப்பம் 'பார்த்தேன்' என்பதற்கு அடையாளம்; ஒப்புதலும் அன்று, மன்னிப்பும் அன்று.

இந்த அச்சம் தெளிந்தபின் எதிர்ப்பக்கத் தவறு நேர்ந்தது. வரும் தாள்களிலெல்லாம் தாயார் கையெழுத்திட்டு அனுப்பிவந்தார். அவற்றுள் ஒன்றில், பிள்ளைகளை முழுநாள் ஒரு பண்ணைக்கு அழைத்துச் செல்லப் பெற்றோரின் அனுமதி கேட்டிருந்தது. அதன் அடியில் புள்ளிக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதியை வெட்டி, 'அனுமதிக்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டு, காப்பீட்டுச் சான்றிதழையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். அவர் மேற்பகுதியில் கையெழுத்திட்டார். கீழ்ப்பகுதி அப்படியே நின்றது. மதிய உணவு நேரத்தையும் கடந்து நீளும் இத்தகைய உலாவுக்கு அனுமதியும் காப்பீடும் இல்லாத பிள்ளையை அழைத்துச் செல்லமாட்டார்கள். குழந்தை அன்று வேறு வகுப்பில் உட்கார்ந்திருந்து அழுதுகொண்டே வீடு திரும்பியது. ஆகவே புதிதாகச் செல்லும் பெற்றோர் முதலில் தாளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நலம். அந்த ஏட்டில் தாமும் எழுதலாம்: பிள்ளை வராததன் காரணத்தையோ, ஆசிரியரைச் சந்திக்க நேரம் வேண்டுமென்பதையோ இரண்டு வரியில் எழுதினால் போதும். மகன் சேர்ந்த 'கொலேழ்' என்னும் நடுநிலைப் பள்ளியில் இதற்கு 'கார்னே' என்று பெயர். இப்போது அங்கே பல செய்திகள் கணினி வழியாகவே வருவதால், தந்த கடவுச்சொல்லைத் தொலைத்துவிடலாகாது.

டிசம்பரில் மகனுடைய 'புல்த்தேன்', அதாவது தேர்ச்சி அறிக்கை வந்தது. பிரெஞ்சு மொழிக்கும் வரலாற்றுக்கும் நேரே 'மதிப்பெண் இடப்படவில்லை' என்று கண்டிருந்தது. அது தோல்வியன்று. பையன் மொழி தெரியாமல் வந்தவனாதலால், புதிதாக வந்தோருக்கான தனிவகுப்பில் பிரெஞ்சு கற்றுக்கொண்டே சில பாடங்களில் மட்டும் மற்றவரோடு அமர்ந்திருந்தான். கணிதத்தில் 20-க்கு 13. தந்தையார் அதை உடனே நூற்றுக்கு அறுபத்தைந்தாக மாற்றிக் கணக்கிட்டு, பையனைக் கடிந்துகொண்டார். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் வகுப்பின் சராசரி 11 என்று அச்சிட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பிரெஞ்சு ஆசிரியர் எளிதில் இருபது போடுவதில்லை. பள்ளி இறுதித் தேர்வாகிய 'பாக்' தேர்விலேயே 10 எடுத்தால் தேர்ச்சி, 12-க்கு 'அசே பியேன்', 14-க்கு 'பியேன்', 16-க்கு 'த்ரே பியேன்' என்ற சிறப்புகள் உண்டு. இங்கே ஒரு நுட்பம்: 'பியேன்' என்றால் நன்று. 'அசே' முன்னே வந்தால் நன்மை கூடுவதில்லை, குறைகிறது. 'ஓரளவு நன்று' என்பதே பொருள். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று தந்தையார் தேடினார். அப்படியொரு கட்டமே அறிக்கையில் இல்லை.

மதிப்பெண்ணைவிட அதன் அருகே ஆசிரியர் எழுதும் வாக்கியமே உண்மையான அறிக்கை. ஆங்கில ஆசிரியர், 'கருத்துள்ள மாணவர், ஆனால் மிகவும் டிஸ்க்ரே' என்று எழுதியிருந்தார். அகராதியில் 'அடக்கமானவர்' என்று கண்ட பெற்றோர் அகமகிழ்ந்து, செங்கல்பட்டிலுள்ள தாத்தாவுக்கும் அதைத் தெரிவித்தார்கள். புதுச்சேரி நண்பரோ சிரித்துவிட்டார். பிரெஞ்சு அறிக்கையிலே அது குறையாகச் சொல்லப்படுவது. பையன் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று பொருள். கேட்டால் மட்டும் விடைசொல், எழுந்து நின்று சொல் என்று நாம் வளர்த்த பிள்ளையை, கையை உயர்த்தித் தானாகப் பேசு என்று அந்தப் பள்ளி எதிர்பார்க்கிறது. தவறாகச் சொன்னாலும் முயன்றதற்கு மதிப்புண்டு. இது தெரியாமல் நான்கு மாதம் அந்தப் பையன் நல்லொழுக்கம் என்று எண்ணி மௌனம் காத்தான். தாயார் கார்னேயில் இரண்டு வரி எழுதி ஆசிரியரைச் சந்தித்தபின், நாளுக்கு ஒருமுறையேனும் கையுயர்த்துவது என்று ஏற்பாடாயிற்று. மூன்றாம் பருவ அறிக்கையின் அடியில் 'ஆன்கூராழ்மான்' என்று எழுதியிருந்தது. முயற்சிக்காக ஆசிரியர் குழு தரும் ஊக்கச்சொல் அது. மதிப்பெண் உயர்ந்திருக்கவேண்டும் என்பதில்லை.

அதே ஜூன் மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் தாயார் தொலைபேசியில் அழைத்தார். பையன் படித்தது 'சிசியேம்', அதாவது ஆறாம் வகுப்பு. வரும் ஆண்டுக்கு 'சங்கியேம்', அதாவது ஐந்தாம் வகுப்பு என்று பள்ளி எழுதிவிட்டதாம்; பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்களே என்று விம்மினார். பிரான்சில் நடுநிலைப் பள்ளி வகுப்புகள் ஆறிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுகின்றன: ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. பின்னர் லிசேயில் இரண்டு, ஒன்று, இறுதியாக 'தெர்மினால்'. எண் குறையக் குறைய வகுப்பு உயர்கிறது. இதை அவருக்கு விளக்க அரைமணி ஆயிற்று. பையன் இப்போது 'காத்ரியேம்' படிக்கிறான். பேரன் நான்காம் வகுப்பில் படிக்கிறான் என்று மட்டும் தாத்தா அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை.