டெஸ்டோவுக்குப் பின்னால் வினை

மாலை நேரங்களில் நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் செவிலியர்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும், அதற்கு முன் பி-1 தேர்வைத் தாண்ட வேண்டும். அந்த நிலையில்தான் ஜோடியாக வரும் இணைப்புச் சொற்கள் பாடத்தில் வந்து சேர்கின்றன. போன மாதம் ஒரு மாணவி தோழிக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரி: “யே ஃபீல் இஷ் யூபெ, இஷ் ஷ்ப்ரெஷெ டெஸ்டோ கூட் டாய்ச்.” நான் சிவப்புப் பேனாவை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“சார், எவ்வளவு பயிற்சி செய்யறேனோ அவ்வளவு நல்லா பேசறேன். தமிழ்ல சரியாத்தானே வருது?”

தமிழில் சரியாகத்தான் வருகிறது. சிக்கலே அதுதான். அந்த வரியில் மூன்று பிழைகள் இருந்தன. ஆனால் மற்றவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓரிடத்தில் அவர் தடுமாறவே இல்லை. அதற்கும் தமிழ்தான் காரணம்.

ஜெர்மன் சொற்களைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வினையின் இடம். சாதாரண ஜெர்மன் வாக்கியத்தில் காலமும் இடமும் காட்டும் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். முதல் இடத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். “இஷ் லெர்னெ டாய்ச்” என்றால் நான் ஜெர்மன் படிக்கிறேன். ‘இன்று’ என்று தொடங்க ஆசைப்பட்டால் “ஹொய்டெ லெர்னெ இஷ் டாய்ச்.” ‘ஹொய்டெ’ முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ‘இஷ்’ என்ற எழுவாய் வினையைத் தாண்டி மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. வினை மட்டும் நகரவில்லை. இடம் என்று நான் சொல்வது ஒற்றைச் சொல்லை அல்ல. ஐந்து சொல் சேர்ந்த ஒரு தொடரும் ஓரிடம்தான்.

இன்னொரு வகை வாக்கியம் உண்டு. ‘ஏனென்றால்’ என்ற பொருள் தரும் ‘வைல்’ போன்ற சொல் தொடங்கிவைக்கும் சார்பு வாக்கியம். அதில் வினை கடைசிக்குப் போய்விடும், நம் தமிழில் போலவே.

ஜோடிச் சொற்கள் எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்தப் பாதி முதல் இடத்தில் உட்காருகிறதா, வாசலிலேயே நின்றுகொள்கிறதா, அல்லது வினையைக் கடைசிக்குத் தள்ளுகிறதா? ஜோடியாக மனப்பாடம் செய்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. இரண்டு பாதிக்கும் ஒரே நடத்தை என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

‘யே… டெஸ்டோ’வில் இந்த வேறுபாடு வெளிச்சமாகத் தெரியும். ‘யே’ சார்பு வாக்கியத்தைத் தொடங்குகிறது, ஆகவே வினை கடைசியில். “யே மேர் இஷ் யூபெ” என்பதில் ‘யூபெ’தான் வினை, பயிற்சி செய்கிறேன். “எவ்வளவு பயிற்சி செய்கிறேனோ” என்று தமிழிலும் வினை கடைசியில்தான் நிற்கிறது. மாணவி இந்த இடத்தைத் தவறவிடாததற்குக் காரணம் இது. ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்கு வருகிறவர்கள்தான் இங்கே வினையை முன்னால் இழுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அவருடைய முதல் இரண்டு பிழைகள் ‘ஃபீல்’, ‘கூட்’. அதாவது ‘அதிகம்’, ‘நன்றாக’. தமிழில் உரிச்சொல்லுக்கு ஒப்பீட்டு வடிவம் என்று தனியாக ஒன்று இல்லை. ‘விட’ என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம், ‘எவ்வளவு – அவ்வளவு’ வந்தால் அதுகூடத் தேவைப்படுவதில்லை. ஜெர்மன் விடாது. ‘யே’வுக்குப் பின்னாலும் ‘டெஸ்டோ’வுக்குப் பின்னாலும் ஒப்பீட்டு வடிவம்தான் வர வேண்டும். ‘ஃபீல்’ என்பது ‘மேர்’ ஆகும், ‘கூட்’ என்பது ‘பெஸ்ஸர்’ ஆகும். இரண்டும் ஒழுங்கில்லாமல் மாறுகிறவை, பழகித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது பிழை பெரியது. ‘டெஸ்டோ’ தனியாக நிற்காது. ‘டெஸ்டோ பெஸ்ஸர்’ என்று ஒப்பீட்டுச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்து முதல் இடத்தில் உட்காரும். உடனே வினை, பிறகு எழுவாய். திருத்திய வரி இது: “யே மேர் இஷ் யூபெ, டெஸ்டோ பெஸ்ஸர் ஷ்ப்ரெஷெ இஷ் டாய்ச்.” ஒரே வாக்கியத்துக்குள் ‘இஷ் யூபெ’ என்று ஒரு வரிசை, ‘ஷ்ப்ரெஷெ இஷ்’ என்று அதற்கு நேர்மாறான வரிசை.

இதே மாணவி அடுத்த வாரம் இன்னொரு தவறோடு வந்தார். அது கெட்டிக்காரத்தனமான தவறு: “யே மேர் இஷ் யூபெ, ஷ்ப்ரெஷெ இஷ் டெஸ்டோ பெஸ்ஸர்.” ‘வைல்’ வாக்கியம் முன்னால் வந்தால் அது முழுவதும் முதல் இடமாகிவிடும், காற்புள்ளிக்குப் பிறகு நேராக வினை வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த விதியை இங்கே கொண்டுவந்துவிட்டார். ‘யே’ பாதி அப்படி முதல் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. அது வெளியே நிற்கிறது, அதன் பிறகு ‘டெஸ்டோ பெஸ்ஸர்’ வந்து உட்கார்ந்த பிறகே வினை. காற்புள்ளிக்குப் பின்னால் முதலில் கண்ணில் படுவது வினையாக இருந்தால் அந்த வரி தவறு.

இரண்டு பாதியையும் திருப்பிப் போடலாம். அப்போது சாதாரண வாக்கியம் முன்னால் வரும்: “இஷ் ஷ்ப்ரெஷெ உம்ஸோ பெஸ்ஸர், யே மேர் இஷ் யூபெ.” ‘உம்ஸோ’ என்பது ‘டெஸ்டோ’வின் மறுபெயர். இந்த வரிசைக்கு அதுதான் இயல்பாகப் பொருந்தும்.

வரிசை பிடிபட்டதா என்று பார்க்க வகுப்பில் நான் கொடுக்கும் சோதனை ஒரு ரயில். “யே ஃப்ரூயர் டேர் ட்ஸூக் ஆப்ஃபேர்ட், டெஸ்டோ ஃப்ரூயர் கோமென் வியர் ஆன்.” ரயில் எவ்வளவு சீக்கிரம் புறப்படுகிறதோ அவ்வளவு சீக்கிரம் நாம் போய்ச்சேருவோம். புறப்படுவதும் போய்ச்சேருவதும் ஜெர்மனில் பிரியும் வினைகள், முன்னொட்டு கழன்று வாக்கியக் கடைசிக்குப் போகிற வகை. முதல் பாதியில் வினை கடைசியில் இருப்பதால் முன்னொட்டு கழல இடமில்லை, ‘ஆப்ஃபேர்ட்’ என்று ஒட்டியே நிற்கிறது. இரண்டாம் பாதியில் ‘கோமென்’ இரண்டாம் இடத்துக்குப் போய்விட, ‘ஆன்’ மட்டும் தனியாகக் கடைசியில் கிடக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

ஒரு முட்டுச்சந்தும் இருக்கிறது. ‘வாடகை கூடக்கூட ஒரு பெரிய அறை கிடைக்கும்’ என்று சொல்ல நினைத்து ‘டெஸ்டோ’வுக்குப் பின்னால் ‘ஒரு’ என்ற பொருளுள்ள ‘ஐன்’ சேர்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். சுற்றிப் போக வேண்டியதுதான்: “டெஸ்டோ க்ரோசர் இஸ்ட் டாஸ் ட்ஸிம்மர்”, அறை அவ்வளவு பெரிதாக இருக்கும்.

‘என்ட்வேடர்… ஓடர்’ நம்முடைய ‘ஒன்று… இல்லாவிட்டால்’. இங்கே ‘ஓடர்’ வாசலிலேயே நிற்கிற சொல், இடம் எதையும் பிடிப்பதில்லை. அதனால் அதற்குப் பிறகு எழுவாய், பிறகு வினை என்று வழக்கமான வரிசை. ‘என்ட்வேடர்’தான் வேடிக்கையானது. “என்ட்வேடர் நேமென் வியர் டேன் புஸ் ஓடர் வியர் கேஹென் ட்ஸு ஃபூஸ்.” ஒன்று பஸ்ஸில் போகலாம், இல்லாவிட்டால் நடக்கலாம். இதில் ‘என்ட்வேடர்’ முதல் இடத்தில் உட்கார்ந்து வினையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. “என்ட்வேடர் வியர் நேமென்…” என்று வாசலில் நிறுத்தினாலும் சரிதான். இரண்டு விடையும் சரி என்றால் மாணவர்களுக்கு நிம்மதிக்குப் பதில் சந்தேகம்தான் வருகிறது.

‘வேடர்… நோஹ்’ என்பது இதுவும் இல்லை, அதுவும் இல்லை. வேடர் வந்துபோன காட்டில் மானும் இல்லை, மயிலும் இல்லை என்று சொல்லிவைத்தேன், யாரும் மறக்கவில்லை. வரிசையில்தான் கோட்டைவிடுகிறார்கள். ‘ஓடர்’ மாதிரியே ‘நோஹ்’ இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘நோஹ்’ முதல் இடத்தில் உட்காரும் சொல். “எர் ருஃப்ட் வேடர் ஆன் நோஹ் ஷ்ரைப்ட் எர்.” அவர் போனும் செய்வதில்லை, எழுதுவதும் இல்லை. ‘நோஹ்’வுக்கு அடுத்து ‘ஷ்ரைப்ட்’ என்ற வினை, அப்புறம்தான் ‘எர்’. ‘ட்ஸ்வார்… ஆபர்’ ஜோடியில் இது தலைகீழ். முதல் சொல் உட்காருகிறது, இரண்டாவது நிற்கிறது: “ட்ஸ்வார் இஸ்ட் டீ வோனுங் க்ளைன், ஆபர் ஸீ இஸ்ட் பில்லிக்.” வீடு சின்னதுதான், ஆனால் வாடகை குறைவு.

கடைசியாக ‘ஸோவோல்… அல்ஸ் அவுஹ்’. நம் ‘உம்… உம்’. அம்மாவும் அப்பாவும் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்கள்: “ஸோவோல் டேர் ஃபாட்டர் அல்ஸ் அவுஹ் டீ முட்டர் ஆர்பைட்டென் இம் க்ராங்கன்ஹவுஸ்.” ஏழு சொல் நீளமிருந்தாலும் வினைக்கு முன்னால் இருப்பது ஓரிடம்தான், ஆகவே எதுவும் புரளவில்லை. இந்த ஜோடியில் வரிசைத் தொல்லையே கிடையாது. வேறு தொல்லை இருக்கிறது. ‘படிக்கவும் செய்கிறேன், வேலையும் பார்க்கிறேன்’ என்று நாம் ‘உம்’மை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுவோம். அதே பழக்கத்தில் “ஸோவோல் இஷ் லெர்னெ… அல்ஸ் அவுஹ் இஷ் ஆர்பைட்டெ” என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொல் இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்காது. பெயரோடு பெயர், இடத்தோடு இடம், பாடவும் ஆடவும் தெரியும் என்பதுபோல எச்சத்தோடு எச்சம், அவ்வளவுதான். முழு வாக்கியங்களை இணைக்க வெறும் ‘உண்ட்’ போதும். தேர்வில் பெரிய சொல் எழுதினால் மதிப்பெண் கூடும் என்று நினைத்து, போட்டதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

வினையைப் பற்றிய கவலையே இல்லாத ‘யே’யும் உண்டு. “யே ஃப்ரூயர், டெஸ்டோ பெஸ்ஸர்” என்றால் சீக்கிரமாகச் செய்தால் நல்லது, வினையே கிடையாது. முன்பு ‘டெஸ்டோ’ வரும் இடத்திலும் ‘யே’ என்றே சொல்லும் வழக்கு இருந்தது. அது ஒரு பூவின் பெயரில் இன்னும் தங்கியிருக்கிறது. வேலியில் படரும் மணமுள்ள ஒரு கொடிக்கு ஜெர்மானியர்கள் ‘யேலேங்கர்யேலீபர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்க இருக்கப் பிரியம் கூடும் என்று பொருள்.