'தன்னை' என்றால் யாரை?

"கலா மாலாவிடம், மீனா தன்னைத் திட்டினாள் என்று சொன்னாள்." திட்டு வாங்கியது யார்? தமிழ் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'கலா' என்றே சொல்வார்கள். பக்கத்திலேயே இருக்கும் மீனாவை விட்டுவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும் கலாவை எப்படிப் பிடித்தோம்?

நோம் சாம்ஸ்கி 1981இல் முன்வைத்த பிணைப்புக் கோட்பாட்டில் இதற்கொரு விதி உண்டு. 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' போன்ற தற்சுட்டுப் பெயர்கள் தமக்குரிய ஆளைத் தாம் இருக்கும் சிறு வாக்கியத்துக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும். 'ஹிம்', 'ஹெர்' போன்ற சாதாரணச் சுட்டுப் பெயர்களோ அதே சிறு வாக்கியத்தின் எழுவாயைக் குறிக்கக் கூடாது. கலா வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'ஹெர்செல்ஃப்' போட்டுச் சொன்னால், மீனா தன்னையே திட்டிக்கொண்டாள் என்று மட்டுமே பொருள்படும். கலாவுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது விதி தமிழுக்கும் பொருந்துகிறது. "மீனா அவளைத் திட்டினாள்" என்றால் அந்த 'அவள்' மீனா அல்ல. முதல் விதியைத்தான் 'தான்' மீறுகிறது. அது உள்வாக்கியத்தைத் தாண்டி வெளியே போய் ஆளைத் தேடும். மீனா தன்னையே திட்டியதாகச் சொல்ல வேண்டுமானால் வினையில் 'கொள்' சேர்த்து, "தன்னைத் திட்டிக்கொண்டாள்" என்போம். ஐஸ்லாந்து, சீனம், ஜப்பானிய மொழிகளிலும் இப்படித் தொலைவில் பிணையும் சொற்கள் உண்டு.

வெளியே போனாலும் 'தான்' கண்ட ஆளைப் பிடிப்பதில்லை. கலாவைப் போலவே மாலாவும் உள்வாக்கியத்துக்கு வெளியேதான் இருக்கிறாள். ஆனாலும் 'தன்னை' அவளைக் குறிக்காது. 'அவளை' என்று மாற்றினால் கலா, மாலா, வேறொருத்தி என யாராகவும் இருக்கலாம். கலா சொல்பவள், மாலா வெறுமனே கேட்பவள். யாருடைய பேச்சாகவோ நினைப்பாகவோ உள்வாக்கியம் வருகிறதோ, அவரையே 'தான்' நாடுகிறது.

ஐஸ்லாந்து மொழி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. "மரியா தன்னை நேசிப்பதாக யோன் சொல்கிறான்" என்ற வாக்கியத்தில் உள்வினை, பிறர் கூற்றைக் காட்டும் தனி வடிவத்தில் வரும். அப்போது 'சிக்' என்ற தற்சுட்டுப் பெயர் யோனைக் குறிக்கலாம். "யோனுக்குத் தெரியும்" என்று மாற்றினால், மரியா நேசிப்பது உண்மை என்று பேசுகிறவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்வினை சாதாரண வடிவத்துக்கு மாறும். 'சிக்' யோனைக் குறிக்க முடியாமல் போகும். இரண்டிலும் தொலைவு ஒன்றுதான், பார்வை மட்டுமே வேறு.

ஆகவே, தொலைவை மட்டும் அளக்கும் விதி இந்தச் சொற்களுக்குப் போதாது. "மீனா தன்னைத் திட்டினாள் என்று மாலா நினைப்பதாகக் கலா சொன்னாள்" என்று எழுதிப் பாருங்கள். சொல்பவள் ஒருத்தி, நினைப்பவள் இன்னொருத்தி. 'தன்னை' இருவரில் எவரையும் குறிக்கலாம். இப்படி எழுத நேரும்போது 'தன்னை' என்று விடாமல் பெயரையே சொல்லிவிடுங்கள்.