ஒன்பது பீஸும் ஒரு ரிப்போர்ட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஏற்றுமதிக்கு 3,000 டி-ஷர்ட் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் 125 பீஸைப் பிரித்துப் பார்த்து, 9 பீஸில் பெரிய குறை இருப்பதாக எழுதிவிட்டுப் போகிறார். ஐந்தில் கீழ் மடிப்பில் தையல் விட்டிருக்கிறது, மூன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் அளவு லேபிள் மாறியிருக்கிறது. முடிவு: லாட் ஏற்கப்படவில்லை. இந்த ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. சரிசெய்ய வேண்டிய லைன் சூப்பர்வைசருக்கும் செக்கிங் ஆட்களுக்கும் அது தமிழில் போய்ச் சேர வேண்டும்.

முதல் தடுக்கல் ‘சாம்பிள்’. அகராதியைப் பார்த்து ‘மாதிரி’ என்று போட்டால் வேலை கெட்டது. பனியன் கம்பெனியில் சாம்பிள் என்றால், ஆர்டர் தொடங்கும் முன் தைத்து, வாங்குபவரிடம் ஒப்புதல் வாங்கும் பீஸ். ‘மாதிரியில் 9 குறை’ என்று படிக்கிறவர் சாம்பிள் செக்‌ஷனைத்தான் கேட்பார். ‘சோதனைக்கு எடுத்த 125 பீஸ்’ என்று நீட்டி எழுதிவிடுவதே நல்லது.

அந்த 125 இன்ஸ்பெக்டர் மனம்போல் எடுத்த எண் அல்ல. ஐஎஸ்ஓ 2859-1 என்ற தர அட்டவணையில், 1,201 முதல் 3,200 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு, வழக்கமான சோதனை நிலையில் 125 பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. பெரிய குறைக்கு ஏக்யூஎல் 2.5 என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 7 பீஸ் வரை குறை இருந்தாலும் லாட் தேறும். எட்டாவது வந்தால் தேறாது.

உண்மையான சிக்கல் இந்த ஏக்யூஎல்லில்தான். ‘ஏற்கத்தக்க தர அளவு 2.5 சதவீதம்’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். படிக்கிறவர் உடனே கணக்குப் போடுவார்: 125க்கு 2.5 சதவீதம் என்றால் மூன்று பீஸ்தானே, ஏழு வரை எப்படி விட்டார்கள்? நியாயமான கேள்வி. அந்த ஏழு, லாட் முழுக்க 2.5 சதவீதம் குறை இருக்கும் உற்பத்தியாளரை அநியாயமாகத் தள்ளிவிடாதிருக்க வைத்த இடைவெளி. அப்படிப்பட்ட லாட் நூறில் சுமார் 98 முறை தேறிவிடும். ஆனால் இதே திட்டத்தில் 5 சதவீதம் குறையுள்ள லாட்டும் பத்தில் ஏழு முறை தேறும்! ஆகவே ‘தேறியது’ என்பதற்குக் ‘குறையில்லை’ என்று பொருளில்லை. இத்தனை சதவீதம் கெட்டுப்போகலாம் என்ற அனுமதியும் இல்லை. அந்தத் தர ஆவணமே 1999 பதிப்பில் பழைய பெயரை விட்டு, ‘ஏற்புக்கான தர வரம்பு’ என்று பொருள்படும் பெயருக்கு மாறியது. தமிழிலும் ‘ஏற்கத்தக்க’ என்பதை விட்டுவிடலாம். அதைவிட முக்கியம், ‘7 வரை ஏற்பு, 8 முதல் மறுப்பு’ என்று அதே வரியில் எழுதுவது. தளத்தில் இருப்பவருக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான்.

‘மறுப்பு’ என்றதும் சரக்கு குப்பைக்கு என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் 3,000 பீஸையும் பிரித்து, குறையுள்ளதை எடுத்துவிட்டு, மறுசோதனைக்கு வைப்பார்கள். இது ரிப்போர்ட்டில் ‘திருத்தம்’. அதற்கு அடுத்த கட்டம் ‘திருத்த நடவடிக்கை’. தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. விளைவு, இரண்டு கட்டத்திலும் ‘ஆல்டர் செய்து பாஸ் பண்ணியாச்சு’ என்று ஒரே வாசகம் வந்து உட்காருகிறது. வாங்குபவர் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்புகிறது. இங்கே கலைச்சொல்லைத் தேடாமல் கேள்வியாகவே மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. முதல் கட்டத்துக்கு ‘கிடைத்த பீஸை என்ன செய்தீர்கள்?’ அடுத்ததற்கு ‘ஏன் வந்தது, மறுபடி வராமலிருக்க எதை மாற்றினீர்கள்?’

தையல் விட்ட ஐந்து பீஸை எடுத்துக்கொள்வோம். பண்டில் டிக்கெட்டைப் பார்த்தால் ஐந்தும் ஒரே ப்ளாட்லாக் மெஷினில் ஓடியவை. ஊசி முனை மழுங்கியிருக்கிறது. ஊசியை மாற்றினால் அதுவும் திருத்தம்தான். இன்று ஓடும், இன்னொரு நாள் மறுபடி மழுங்கும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி மாற்றுவது, யார் பதிவு செய்வது என்று முறை வைத்தால்தான் இரண்டாவது கட்டத்துக்குப் பதில் கிடைக்கும். மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு: ‘பலித்ததா என்று எப்போது பார்த்தீர்கள்?’ அடுத்து வரும் லாட்டுகளில் அந்த மெஷின் பீஸைத் தனியாக எடுத்துப் பார்த்த தேதியும் எண்ணிக்கையும் அங்கே வர வேண்டும்.

எண்ணெய்க் கறைக்கும் மாறிய லேபிளுக்கும் காரணம் வேறு. ஒன்பதையும் ஒரே வரியில் அடக்காமல், ஒவ்வொன்றுக்கும் இதே மூன்று கேள்விகளைத் தனித்தனி வரிசையில் போட வேண்டும்.