வீட்டில் போன் பேச்சு பாதியில் அறுந்தால் கம்பெனிக்கு எப்படி எழுதுவது?



சென்ற ஆண்டு ஜூலை மாதம் நம் தெருவைச் சேர்ந்த ஒரு சகோதரி டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மருத்துவமனையிலிருந்து நேரத்தை மாற்றிச் சொல்ல அழைப்பு வரும். அந்தச் சமயம் பார்த்துப் பேச்சு பாதியில் அறுந்துவிடும். திரும்ப அழைத்தால் அந்த எண் பிஸி. இப்படி ஒரு முறை மாற்றிய நேரம் தெரியாமல் போய், அன்றைய டயாலிசிஸே தவறிவிட்டது. வெளியூரில் வேலை செய்யும் கணவர் அழைத்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை.

"கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. ஆனால் போன் அப்படியேதான் இருக்கிறது" என்றார். அவருக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தையும், அதற்கு முன் செய்த வேலைகளையும் இங்கே விளக்குகிறோம்.

முதலில், குறை யாருடையது?

புகார் கொடுத்தால் கம்பெனி வழக்கமாகச் சொல்லும் பதில், "உங்கள் போனைப் பாருங்கள்" என்பதுதான். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, அதே சிம்மை வேறு ஒருவரின் போனில் போட்டு, அதே வீட்டில் பேசிப் பார்ப்பது. அப்போதும் அறுந்தால் போன் குற்றவாளி அல்ல. இரண்டாவது, வேறு கம்பெனி சிம் ஒன்றை நம் போனில் போட்டு, அதே அறையில் பேசிப் பார்ப்பது. அது அறுக்காமல் பேசினால் சுவரும் கூரையும் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது.

அந்தச் சகோதரி இரண்டையும் செய்தார். தம்பியின் போனிலும் பேச்சு அறுந்தது. பக்கத்து வீட்டாரின் வேறு கம்பெனி சிம்மில் எட்டு முறை பேசியும் ஒரு முறைகூட அறுக்கவில்லை.

சிக்னலை எண்ணாகவும் பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Settings > About phone > SIM status என்ற இடத்தில் Signal strength என்று இருக்கும். -85 dBm போன்ற எண் நல்ல சிக்னல். -110 dBm அளவுக்குப் போனால் பேச்சு அறுவது எளிது. கழித்தல் குறி இருப்பதால் எண் பெரிதாக ஆக சிக்னல் குறைகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அவர் வீட்டு ஹாலில் -112, சமையலறையில் -116, மொட்டை மாடியில் -94 என்று காட்டியது.

அடுத்தது குறிப்பேடு. ஒரு பழைய நோட்டில் பதினான்கு நாள், ஜூலை 17 முதல் 30 வரை, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதச் சொன்னோம்: தேதி, மணி, எந்த அறை, எத்தனை நிமிடம் பேசியது, தானாக அறுந்ததா இல்லையா. அழைப்பே போகாதது வேறு, பேச்சு கேட்காமல் போவது வேறு, பாதியில் அறுவது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். முடிவில் 46 அழைப்புகள். வீட்டுக்குள் பேசிய 34-ல் 19 அறுந்தன. மாடியில் பேசிய 12-ல் ஒன்றுகூட அறுக்கவில்லை. "அடிக்கடி கட் ஆகிறது" என்று எழுதினால் கம்பெனி எளிதாகத் தட்டிக்கழிக்கும். 34-க்கு 19 என்ற கணக்கை அப்படித் தள்ளிவிட முடியாது.

எப்போதிருந்து என்பதும் முக்கியம். வீடு கட்டிய நாளிலிருந்தே சிக்னல் இல்லை என்றால் அந்த இடத்துக்கு டவர் எட்டவில்லை என்று பொருள், சீக்கிரம் தீராது. நன்றாக இருந்து ஒரு நாளிலிருந்து கெட்டது என்றால் டவரில் ஏதோ பழுதோ மாற்றமோ நடந்திருக்கலாம். அதைச் சரிசெய்யச் சொல்ல நமக்கு வலுவான நியாயம் இருக்கிறது. இவர் வீட்டில் ஜூலை 8 முதல்தான் இந்தத் தொல்லை. அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் இன்னும் இரண்டு வீட்டாரும் அதையே சொன்னார்கள்.

யாருக்கு எழுதுவது?

சிலர் நேரே டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை; கம்பெனிக்கே திருப்பிவிடும். 2012-ம் ஆண்டின் டிராய் விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு படிகள் உண்டு. முதல் படி, கட்டணமில்லாத எண்ணில் புகார் மையம். அங்கே கட்டாயம் ஒரு புகார் எண் தருவார்கள். அந்த மெசேஜை அழித்துவிடக் கூடாது. இரண்டாம் படி, கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. முதல் படியில் தீர்வு கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் இவருக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முகவரியும் மின்னஞ்சலும் கம்பெனியின் இணையதளத்தில் Appellate Authority என்ற தலைப்பில் இருக்கும்.

"புகார் தீர்க்கப்பட்டது" என்ற மெசேஜைப் பார்த்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதன் பிறகும் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

என்ன கேட்பது?

அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியை டிராய் 2015-ல் கொண்டுவந்தது உண்மை. நாளொன்றுக்கு மூன்று அழைப்பு வரை, ஒன்றுக்கு ஒரு ரூபாய். ஆனால் 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டது. அதைக் கடிதத்தில் எழுதினால் "அப்படி விதி இல்லை" என்ற ஒரே வரியில் முழுக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்கள்.

அழைப்பு அறுவது 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற டிராய் அளவுகோலையும் நம்பி எழுத வேண்டாம். அது பரந்த பகுதி முழுவதற்குமான சராசரி. நம் வீட்டில் பாதி அழைப்புகள் அறுந்தாலும் அந்தச் சராசரி 2-க்குள் இருக்க முடியும்.

ஆகவே நாங்கள் இரண்டே கோரிக்கை வைத்தோம். இத்தனை நாளுக்குள் பழுதைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் மீதமுள்ள நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இவர் ஜூலை 4 அன்று 84 நாளுக்கு ரூ.859 ரீசார்ஜ் செய்திருந்தார். ஜூலை 31 வரை 28 நாள் கழிந்தது. மீதம் 56 நாள். 859-ஐ 84-ஆல் வகுத்து 56-ஆல் பெருக்கினால் ரூ.572.67. தொகையைக் கணக்கோடு எழுதினால்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடிதம் இதுதான்:

அனுப்புநர்: (பெயர், வீட்டு முகவரி, பின்கோடு)
பெறுநர்: மேல்முறையீட்டு அதிகாரி, (கம்பெனி பெயர், முகவரி)
நாள்: 1-8-2025

பொருள்: மொபைல் எண் … – வீட்டில் அழைப்புகள் தொடர்ந்து துண்டிக்கப்படுதல் – புகார் எண் … மீது மேல்முறையீடு.

ஐயா / அம்மா,

மேற்கண்ட எண் என் பெயரில் உள்ள பிரீபெய்டு இணைப்பு. 4-7-2025 அன்று 84 நாளுக்கு ரூ.859 செலுத்தியுள்ளேன்.

8-7-2025 முதல் என் வீட்டுக்குள் பேசும்போது அழைப்புகள் தாமாகவே துண்டிக்கப்படுகின்றன. அதற்கு முன் இந்தக் குறை இல்லை. 14-7-2025 அன்று புகார் செய்தேன். 16-7-2025 அன்று தீர்க்கப்பட்டதாகத் தகவல் வந்தது. ஆனால் குறை தீரவில்லை.

17-7-2025 முதல் 30-7-2025 வரை வீட்டுக்குள் பேசிய 34 அழைப்புகளில் 19 துண்டிக்கப்பட்டன. மாடியில் பேசிய 12 அழைப்புகளில் ஒன்றும் துண்டிக்கப்படவில்லை. விவரப் பட்டியல் இணைப்பில் உள்ளது. வேறு போனில் இதே சிம் இட்டும் குறை நீடித்தது. என் போனில் வேறு நிறுவனச் சிம் இட்டபோது குறை இல்லை. சிக்னல் அளவு ஹாலில் -112 dBm, சமையலறையில் -116 dBm. இதே தெருவில் தங்கள் இணைப்புள்ள மேலும் இரண்டு வீடுகளில் இதே நிலை.

வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார். மருத்துவமனை அழைப்பு துண்டிக்கப்பட்டதால் ஒரு முறை சிகிச்சை தவறியது.

ஆகவே,
1. பொறியாளரை அனுப்பிச் சோதித்து, 15 நாட்களுக்குள் குறையைச் சரிசெய்யவும்.
2. இயலாதெனில், 1-8-2025 முதல் மீதமுள்ள 56 நாட்களுக்கு ரூ.572.67 திருப்பித் தரவும்.

தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)

இணைப்பு: அழைப்புப் பட்டியல், ரீசார்ஜ் ரசீது, புகார் மெசேஜ்களின் நகல்.

கடிதத்தில் கோபமான வார்த்தை ஒன்றுமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சரிபார்க்கக்கூடிய செய்தி மட்டுமே இருக்கிறது. மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

பத்தாம் நாள் பொறியாளர் வந்தார். எங்கள் தெருவைப் பார்த்திருக்கும் ஆன்டெனாவில் பழுது என்றார். இரண்டு நாளில் சரியானது. பணம் திரும்பவில்லை, கேட்டதன் பேரில் 28 நாள் கூடுதல் செல்லுபடி கொடுத்தார்கள். சகோதரி அதை ஏற்றுக்கொண்டார்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. மேல்முறையீடும் பயன் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசிப் புகார்களையும் இந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் இதே குறிப்பேடும் இதே கடித நகலும்தான் ஆதாரம்.

இரண்டு எச்சரிக்கை. கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் சிக்னலையும் அது கெடுக்கும். அடுத்தது, கோபத்தில் உடனே வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யாதீர்கள். எண் மாறாது என்றாலும் பிரீபெய்டில் மீதமிருக்கும் நாட்களும் பாக்கியும் போய்விடும். முதலில் கடிதம் அனுப்புங்கள். முடிவைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

அழைப்புப் பட்டியலுக்கான அச்சுத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது புகார் எண் உள்ள மெசேஜையும் கொண்டுவாருங்கள். அது இருந்தால் கடிதத்தை அங்கேயே எழுதி முடித்துவிடலாம்.

வஸ்ஸலாம்,
செயலாளர்