இரண்டு முறை எண்ணெய் காணும் உருளைக்கிழங்கு

தட்டில் போடும்போது பொன்னிறமாகத்தான் இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தபோது மொறுமொறுவென்று சத்தமும் வந்தது. மீதி ஈட்டையும் பொரித்து முடித்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மகள் ஒரு துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அது வாழைநார் மாதிரி வளைந்து தொங்கியது. "அப்பா, கடையில வாங்குறது இப்படி வளையாதே?" என்றாள். பிறகு ஒன்றைக் கடித்தவள், நடுவில் இன்னும் நறுக்கென்று பச்சையாக இருப்பதையும் காட்டினாள். வெளியே தளர்ந்து போய், உள்ளே வேகாமல் இருந்தது அன்று நான் செய்த ஃபிங்கர் சிப்ஸ்.

நம் ஊரில் சிப்ஸ் என்றால் காகிதம் போல மெல்லிதாகச் சீவிப் பொரித்த வறுவல். நான் சொல்வது விரல் பருமனுக்கு நீளமாக நறுக்கிப் பொரிப்பது. மெல்லிய வறுவலில் உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை, முழுத்துண்டும் ஒரே மாதிரி காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். விரல் பருமன் துண்டுக்கு மேல் தோல் ஒன்று, உள் சதை ஒன்று என இரண்டு பாகம் உண்டு. ஒன்று காய வேண்டும், மற்றொன்று ஆவியில் வெந்தது போலப் பூவாக மலர வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே சூட்டில் செய்யப் பார்த்ததுதான் என் தவறு.

இதில் கைதேர்ந்தவர்கள் பெல்ஜியம் நாட்டுக்காரர்கள். அங்கே தெருவோரச் சிறு கடைகளில் கிழங்கை முதலில் மிதமான எண்ணெயில் பொரித்து எடுத்து ஆற வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் வந்து கேட்ட பிறகு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுபடி போட்டு எடுத்து, காகிதக் கூம்பில் நிரப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் நெடுங்காலமாக விரும்பிய கிழங்கு பிண்ட்யே என்ற வகை, நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கியது. அவர்கள் மரபாகப் பயன்படுத்திய எண்ணெய் மாட்டுக் கொழுப்பு. இந்த இரண்டும் நமக்கு வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வைத்திருக்கும் இரண்டு சூட்டை: முதல் முறை 150 டிகிரி செல்சியஸ், இரண்டாம் முறை 175 முதல் 180 டிகிரி வரை.

ஏன் இரண்டு? உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். எண்ணெயில் போட்டதும் குபுகுபுவென்று கிளம்பும் குமிழிகள் எண்ணெயின் கொதிப்பு அல்ல, கிழங்கிலிருந்து ஆவியாகி வெளியேறும் தண்ணீர். எண்ணெய் 150 டிகிரியில் இருந்தாலும் 180 டிகிரியில் இருந்தாலும், தண்ணீர் இருக்கும்வரை துண்டின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது உள்ளே நடப்பது பொரிதல் அல்ல, கிழங்கு தன் தண்ணீரிலேயே வேகிறது. அப்படி வேக அதற்கு ஆறேழு நிமிடம் வேண்டும். 180 டிகிரி எண்ணெயில் அவ்வளவு நேரம் விட்டால் மேல் தோல் கருகிவிடும். கருகுமோ என்று பயந்து சீக்கிரம் எடுத்தால் நடு வேகாது. அது மட்டுமல்ல, மேலே உருவான மெல்லிய ஓட்டுக்குள் இன்னும் நிறைய ஈரம் தங்கியிருக்கும். தட்டில் ஆறும்போது அந்த ஈரம் ஆவியாக வெளியேறி ஓட்டை நனைத்துத் தளரச் செய்துவிடும். மகள் தூக்கிக் காட்டிய துண்டில் நடந்தது அதுதான்.

முதல் பொரிப்பை வேகவைக்கும் வேலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மிதமான சூட்டில் நிறம் மாறாமல் உள்ளே மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதி மென்மையாகிறது. மேற்பரப்பில் அதே மாவுச்சத்தில் கொஞ்சம் கசிந்து பசை போலப் படிகிறது. வெளியே எடுத்து ஆற வைக்கும்போது அந்தப் பசை இறுகுகிறது, மேலே இருக்கும் ஈரம் காற்றில் கலைகிறது, நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் நகர்கிறது. இரண்டாவதாக நல்ல சூட்டில் போடும்போது உள்ளே வேகவைக்க எதுவும் மீதமில்லை. எண்ணெயின் சூடு முழுவதும் மேல் ஓட்டைக் காய வைக்கவும் நிறம் ஏற்றவும் செலவாகிறது. முதல் முறையில் படிந்த பசை இப்போது சற்றுத் தடித்த, விறைத்த ஓடாகிவிடும். அதனால்தான் அது உடனே தளர்ந்து போவதில்லை.

இனி ஒரு கிலோ கிழங்கை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். முதலில் கிழங்கைப் பற்றி. வேகவைத்தால் மாவாக உடையும் கிழங்குதான் வேண்டும், குழம்பில் போட்டாலும் உடையாமல் வழவழப்பாக நிற்கும் கிழங்கு உதவாது. வாங்கி வந்ததில் எது எப்படி என்று தெரியாவிட்டால், 11 கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக்கிழங்கு அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும், மற்றது மிதக்கும். விரல் நகத்தால் தேய்த்தாலே தோல் உரிந்து வரும் புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், அதைப் பொரியலுக்கு விட்டுவிடுங்கள்.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்த கிழங்கைப் பொரித்தபோது, இரண்டாம் முறை போட்ட ஒரு நிமிடத்திலேயே காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. வாயில் வைத்தால் லேசான தித்திப்பும் அதன் பின்னால் கசப்பும். சூட்டில் தவறு இல்லை, கிழங்கில்தான் தவறு. இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையே அதற்குப் போதும்.

தோலைச் சீவி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பருமனில், எல்லாம் ஒரே அளவாக இருக்கும்படி நறுக்குங்கள். நறுக்கியதைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முதல் தண்ணீர் பால் போல வெளுத்திருக்கும், அது கத்தி பட்டு வெளியேறிய மாவு. தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை மாற்றி அலச வேண்டும். அலசாமல் விட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், அந்த மாவு எண்ணெயில் உதிர்ந்து கருகும். பிறகு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். இதில் சோம்பல் கூடாது. ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழியும், சூடும் சட்டென்று இறங்கும்.

அடி கனமான, ஆழமான வாணலியில் ஒன்றரை லிட்டர் எண்ணெய். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய் நல்லது, இரண்டும் 180 டிகிரியில் புகையாது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் நிற்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஒரு பண்டத்துக்காகவே தகும் என்பது என் கருத்து. அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். 150 டிகிரியில் துண்டைச் சுற்றி நிதானமாக, சின்னச் சின்னக் குமிழிகள் எழும். 180 டிகிரியில் போட்டவுடன் சீறிக்கொண்டு நுரைக்கும். முறுக்கு மாவைக் கிள்ளிப் போட்டுச் சூடு பார்த்துப் பழகிய கைக்கு இது கடினமில்லை.

எண்ணெய் 150 டிகிரி வந்ததும் ஒரு ஈட்டுக்குக் கால் கிலோ மட்டும் போடுங்கள். போட்டவுடன் சூடு 130 டிகிரி வரைகூட இறங்கும். பதற வேண்டாம், அதற்காகத்தான் 150 டிகிரியில் தொடங்குகிறோம். அரைக் கிலோவைக் கொட்டினால் இன்னும் கீழே போய், கிழங்கு எண்ணெயில் ஊறிக் குழையத் தொடங்கிவிடும். ஒரு நிமிடம் கழித்து ஜல்லிக்கரண்டியால் மெதுவாக ஒரு முறை பிரித்துவிட்டு, பிறகு தொடாமல் விடுங்கள். ஆறு நிமிடம் அளவில் ஒரு துண்டை எடுத்து, கொஞ்சம் ஆறியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் நசுங்க வேண்டும், உள்ளே வெள்ளையாக மாவு போல் இருக்க வேண்டும். வெளியே நிறம் ஏறியிருக்கக் கூடாது, வெளிறிய மஞ்சளாக, கொஞ்சம் அழகில்லாமல்தான் இருக்கும். நிறம் ஏறிவிட்டால் சூடு அதிகம், துண்டுகள் உடைந்து உதிர்ந்தால் நேரம் அதிகம்.

எடுத்ததைக் கம்பித் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி அரை மணி நேரம் ஆற விடுங்கள். கிண்ணத்தில் குவித்து மூடி வைத்தால் வெளியேறும் ஆவி அங்கேயே தண்ணீராகி, செய்த வேலை வீணாகும். அரை மணி கழித்துத் தொட்டால் மேற்பரப்பு காய்ந்து, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

இப்போது எண்ணெயை 180 டிகிரிக்கு ஏற்றி, மறுபடி கால் கிலோவாகவே போடுங்கள். சூடு 170 டிகிரிப் பக்கம் இறங்கி மெல்ல ஏறும். இம்முறை இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: முதலில் பெரும் சலசலப்பு, பிறகு அது அடங்கிச் சன்னமாகும். மேல் ஓட்டின் ஈரம் போய்விட்டதன் அடையாளம் அது. கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலிக்க வேண்டும். நிறம் பொன் மஞ்சளோடு நிற்கட்டும், பழுப்புக்குப் போக விடாதீர்கள். கிழங்கில் இருக்கும் சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சேரும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. உணவில் அது இருப்பதை 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். ஃபிரிட்ஜ் கிழங்கு வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எடுத்தவுடன் ஜல்லிக்கரண்டியிலேயே நன்றாக உதறுங்கள். எண்ணெயில் இருக்கும்வரை உள்ளிருந்து தள்ளும் ஆவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது அந்த ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதல் அரை நிமிடத்தில் உதறிவிடும் எண்ணெய் அத்தனையும் வயிற்றுக்குப் போகாத எண்ணெய். உப்பை அந்தச் சூட்டிலேயே தூவுங்கள், ஆறிய பிறகு போட்டால் ஒட்டாமல் தட்டில் தங்கிவிடும்.

விருந்தினர் வரும் நாளில் காலையிலேயே முதல் பொரிப்பை முடித்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வெந்த கிழங்கில் சர்க்கரை ஊறாது. மாலையில் அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு இரண்டாம் பொரிப்பு மூன்று நிமிட வேலை. உறைய வைத்து வைப்பதானால் தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறைந்த பிறகு பையில் கட்டுங்கள். கடையில் விற்கும் உறைந்த ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் பொட்டலமும் தொழிற்சாலையில் ஏற்கெனவே ஒரு முறை எண்ணெய் கண்டு வந்ததுதான். அதனால் அதைப் பனி உருகவிடாமல், அப்படியே 180 டிகிரி எண்ணெயில், கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும்.