காதல் கேள்விக்கு டாரோவா, ஆரக்கிளா?

டாரோ கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 56 சீட்டுகள் நான்கு இனங்களாகப் பிரியும். கோப்பை இனம் உணர்வுகளுக்கு உரியது. ‘இந்த உறவு நிலைக்குமா?’ என்ற கேள்விக்கு முதலில் கோப்பை இரண்டும், அடுத்துக் கோப்பை எட்டும் விழுந்தால், இருவருக்கும் இடையே ஈர்ப்பாகத் தொடங்கியது ஒருவர் விலகிச் செல்வதில் முடிவதாக வாசிப்பர். கோப்பையே வராமல் வாள் சீட்டுகள் குவிந்தால், அந்த இல்லாமையும் பதில்தான்: நெருக்கத்தைவிட வாக்குவாதமே மிகுதி.

ஆரக்கிள் கட்டில் இனமோ எண்வரிசையோ கட்டாயமில்லை; எத்தனை சீட்டு, என்ன பொருள் என்பதை உருவாக்கியவரே வகுக்கிறார். ‘மன்னிப்பு’ என்ற சீட்டு வந்தால் சொல், படம், கையேடு ஆகியவற்றைக் கொண்டே பொருள் காண வேண்டும். யார் யாரை மன்னிப்பது என்பதைச் சீட்டு சொல்லாது. காதலுக்கென்றே அமைந்த கட்டில் எல்லாச் சீட்டும் காதலையே பேசுவதால், காதல் இல்லை என்ற பதில் அதில் அரிதாகவே கிடைக்கும்.